போணக்காட்டுக்கு பஸ் போகுது, பாத்துக்கிடுங்க

தை மாசம் பிறந்தா நம்ம பக்கத்துப் பையன்களுக்கு ஒரே பேச்சுதான். பொதிகைக்குப் போகணும், அகத்தியரைப் பாக்கணும். நல்ல விஷயம். ஆனா அந்தப் பேச்சோட கூடவே இன்னொரு பேச்சும் ரெண்டு மூணு வருஷமா சேந்து வருது. "காரு இல்லாம அங்க போக முடியாது சித்தப்பா, காலையில ஏழு மணிக்கு ரிப்போர்ட் பண்ணணும், பஸ்ஸ நம்பிப் போனா போச்சு." இதைச் சொல்லுறவன் எவனும் பஸ்ல போய்ப் பாத்தவன் இல்ல. பேக்கேஜ் போட்டு ஆள் சேக்குறவங்க சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லுறான். வேன் வாடகை, ஜீப் வாடகைன்னு ஒரு தொகையை முதல்லயே வாங்கிடுறாங்க. வனத்துறைக்குக் கட்டுற பணமே ரெண்டாயிரத்துக்கு மேல ஆயிப் போச்சு. அதுக்கு மேல வண்டிக்கும் கொடுக்கணும்னா, கூலி வேலைக்குப் போற பையன் எங்க போவான்? "காரு இல்லாதவனுக்கு மலை இல்ல"ன்னு வாய் திறந்து யாரும் சொல்லல, ஆனா விஷயம் அங்கதான் போய் நிக்குது.

நான் பஸ்லதான் போறேன். இந்த மாவட்டத்துல இருந்து மூணு நாலு பஸ் மாறி, கடைசியில கொஞ்ச தூரம் கல்லு ரோட்டுல நடந்து, காட்டு வாசல்ல போய் நின்னிருக்கேன். அது முடியும்னு மட்டும் சொல்ல வரல. அதுதான் சரியான வழி, கார்ல போறதுதான் தப்பான வழின்னு சொல்ல வாறேன். கோவப்படுறவங்க முழுசாப் படிச்சுட்டு கோவப்படுங்க.

முதல்ல இடம் தெரியாதவங்களுக்காக ரெண்டு வார்த்தை. பொதிகைன்னு நாம சொல்லுற அகத்தியர் மலை, நம்ம எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளாவுல நெய்யார் சரணாலயத்துக்குள்ள இருக்கு. உயரம் சுமார் 1,868 மீட்டர். முன்னாடி பாபநாசம், காரையாறு, பாணதீர்த்தம் வழியா நம்ம பக்கத்துல இருந்தே ஏறினாங்க. இப்ப அந்தப் பக்கம் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், அந்த வழி அடைச்சாச்சு. அதனால தமிழ்நாட்டுக்காரனும் திருவனந்தபுரம், நெடுமங்காடு, விதுரை வழியா போணக்காடு போய்த்தான் ஏறணும். ஜனவரி பாதியில இருந்து பிப்ரவரி கடைசி வரைக்கும்தான் பெரிய சீசன். ஒரு நாளைக்கு நூறு பேர் அளவில விடுறாங்க. 2019 முதல் பெண்களும் போறாங்க, அதுக்கு முன்னாடி கேரள உயர்நீதிமன்றம் வரைக்கும் போய்த்தான் அந்த உரிமை கிடைச்சுது. நமக்கு அது கும்பப்பூ பயிர் வயல்ல நிக்கிற நேரம். அறுப்புக்கு இன்னும் நாள் இருக்கும், தண்ணி பாத்தா போதும். மூணு நாள் மடையைப் பாத்துக்கிட ஒரு ஆளைச் சொல்லி வச்சுட்டுக் கிளம்பலாம்.

இனி கணக்குக்கு வருவோம். ஏழு மணிக்கு போணக்காடு பிக்கெட் ஸ்டேஷன்ல அனுமதிச் சீட்டு, அடையாள அட்டை, டாக்டர் சர்ட்டிபிக்கட்டோட நிக்கணும்னு சொல்லுறாங்க. இந்த நேரத்தைப் பாத்துத்தான் எல்லாரும் பயப்படுறாங்க. இது ஆபீசர் விருப்பத்துக்கு வச்ச நேரம் இல்ல. முதல் நாள் நடக்க வேண்டியது அதிருமலை முகாம் வரைக்கும், கிட்டத்தட்ட பதினாலு பதினஞ்சு கிலோமீட்டர். லாத்திமொட்டை, கரமனையாறு, வாழப்பீந்தியாறு, அட்டையாறுன்னு தண்ணி தாண்டித் தாண்டிப் போகணும், கடைசியில ஏத்தம். நல்லா நடக்குறவனுக்கு ஆறு மணி நேரம், மூட்டு வலிக்காரனுக்கு எட்டு மணி நேரம். ஒம்பது மணிக்குள்ள காட்டுக்குள்ள கால் வச்சாதான், சாயங்காலம் அஞ்சு மணிக்கு முன்னே கடைசி ஆளும் முகாம்ல சேருவான். அந்த நேரத்துக்கு மேல காடு நம்மளது இல்ல. அதனால காலை நேரத்துல நான் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா எட்டு மணி நேரத்தைப் பின்னால இருந்து எண்ணிப் பாருங்க. தேவை ஒம்பதுக்குள்ள கிளம்புறது. நூறு பேர் சீட்டைப் பாத்து, குழு குழுவாப் பிரிச்சு, வழிகாட்டியோட அனுப்பணும்ங்கிறதாலதான் ஏழுன்னு வச்சிருக்காங்க.

இப்ப பஸ்ஸு. திருவனந்தபுரத்துல இருந்து போணக்காட்டுக்கு கேரள அரசு பஸ் விடியக்காலை அஞ்சு மணி சுமாருக்குக் கிளம்பும். நெடுமங்காடு வழியா விதுரைக்கு ஆறேகால் ஆறரை. அங்க இருந்து மலை ரோடு. எஸ்டேட்ல கொண்டு விடும்போது ஏழேகால், ஏழரை ஆகும். இறங்கினா பிக்கெட் ஸ்டேஷனுக்கு ரெண்டு மூணு கிலோமீட்டர் நடை. மூட்டையோட முக்கால் மணி நேரம். ஆக எட்டேகாலுக்குள்ள வாசல்ல நிக்கலாம். ஒம்பதுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் மிச்சம் இருக்கு. வரிசையில கடைசியில நிப்பீங்க, கடைசிக் குழுவுல போவீங்க, அவ்வளவுதான் நஷ்டம். இதுக்குத்தானா நாலாயிரம் அஞ்சாயிரம் கொடுத்து வண்டி பிடிக்கணும்? பஸ்ல போனா நாகர்கோவில்ல இருந்து போணக்காடு வரைக்கும் ஆளுக்கு இருநூறு ரூவா சுத்துவட்டாரத்துல முடிஞ்சிரும்.

நாகர்கோவில்ல இருந்து அந்த அஞ்சு மணி பஸ்ஸைப் பிடிக்க ரெண்டு வழி உண்டு. ஒண்ணு, ராத்திரி வடசேரியில ஏறி தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை வழியா தம்பானூர்ல போய் இறங்குறது. எழுவது கிலோமீட்டருக்குள்ளதான், ரெண்டு ரெண்டரை மணி நேரம். ஒரு மணிக்கு ஏறினா மூணரைக்கு இறங்கலாம், ஒரு சாயா குடிச்சுட்டு நின்னா பஸ் வந்திரும். இருபத்தஞ்சு வயசுக்காரனுக்கு இது சரி. என் வயசுக்காரனுக்கு இது ஆகாது. ராத்திரி முழுக்க முழிச்சுட்டு அன்னைக்கே பதினஞ்சு கிலோமீட்டர் நடந்தா, மத்தியானத்துக்கு மேல கால் சொன்ன பேச்சு கேக்காது. பாறையில வழுக்கி விழுறவங்க பாதிப் பேரு தூக்கம் கெட்டவங்கதான்னு என் கண்ணுக்குத் தெரிஞ்சத வச்சுச் சொல்லுறேன்.

அதனால ரெண்டாவது வழிதான் நான் சொல்லுவேன். முந்தின நாள் மத்தியானம் கிளம்புங்க. களியக்காவிளை வரைக்கும் நம்ம பஸ்ஸு. அங்க இருந்து நெய்யாற்றின்கரை, அடுத்து காட்டாக்கடை, ஆரியநாடு, அப்புறம் விதுரை அல்லது நெடுமங்காடு. திருவனந்தபுரம் டவுனுக்குள்ள போகவே வேண்டாம். பஸ் மாறணும், ஆனா பகல்ல அந்த ரோட்டுல எல்லாம் வண்டி உண்டு. அருமனைப் பக்கத்து ஆளுங்க பனச்சமூடு, வெள்ளறடை வழியா காட்டாக்கடை போனா இன்னும் குறுக்கு. ராத்திரி ஒரு ரூம் போட்டுத் தூங்கிட்டு, காலையில அதே போணக்காடு பஸ்ஸைப் பிடிக்கலாம்.

எங்க தூங்குறதுங்கிறதுல ஒரு சூட்சுமம் இருக்கு. விதுரையில தங்கினா ஒண்ணேகால் மணி நேரம் கூடத் தூங்கலாம், ஆனா பஸ் அங்க வரும்போது நிறைஞ்சிருக்கும், மலை ரோடு முழுக்க நின்னுட்டேதான் போகணும். திருவனந்தபுரத்துல ஏறுறவனுக்கு உக்கார இடம் கிடைக்கும், ஆனா மூணரை நாலு மணிக்கே எந்திரிக்கணும். நெடுமங்காடு ரெண்டுக்கும் நடுவுல. ரூம் கிடைக்கிறதும் அங்கதான் சுலபம். நான் நெடுமங்காடுக்குத்தான் ஓட்டுப் போடுவேன்.

பஸ்ஸோட போர்டு மலையாளத்துல மட்டும்தான் இருக்கும். விளவங்கோடு ஆளுங்க வாசிச்சிருவாங்க, நம்ம தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆளுங்களுக்குக் கஷ்டம். கூச்சப்படாம "போணக்காடு போகுமா"ன்னு வாய்விட்டுக் கேளுங்க. போர்டைப் பாத்து ஊகிச்சு ஏறாதீங்க. விதுரை வழியா பொன்மூடிக்கும் பஸ் உண்டு, மூட்டையோட நிக்கிற உங்களைப் பாத்து பொன்மூடிக்குப் போற கோஷ்டின்னு நினைச்சு ஏத்தி விட்டுருவாங்க. இன்னொண்ணு, முந்தின நாள் சாயங்காலம் டிப்போவுல போய் நாளைக்கு வண்டி உண்டான்னு கண்டிப்பாக் கேக்கணும். பழைய ஆளு சொன்ன நேரம், இன்டர்நெட்ல போட்ட நேரம் எதையும் நம்பக் கூடாது. வண்டி பழுதாயிரும், டிரைவர் இருக்க மாட்டாரு, மழைக்கு ரோடு அறுத்திருக்கும். இல்லேன்னு சொன்னா அப்பதான் ஜீப்பு. அதுவும் விதுரையில நின்னு, அதே மாதிரி மூட்டையோட நிக்கிற எட்டுப் பேரைச் சேத்து ஒரு ஜீப்பு. அதுக்கு நான் எதிரி இல்ல.

அடுத்தது நான் சண்டைக்கு வாற இடம். கார்ல வாறவன் என்ன செய்யுறான் தெரியுமா? ஏழு மணின்னு போட்டிருக்கான்னு பயந்து, வரிசையில முன்னே நிக்கணும்னு ஆசைப்பட்டு, அஞ்சு அஞ்சரைக்கே கானித்தடம் செக்போஸ்ட்ல வந்து நிக்கிறான். ஜனவரியில அங்க சூரியன் உதிக்க ஆறே முக்கால் ஆகும். மலை மறைப்பு வேற. அப்ப அவன் காட்டு ரோட்டுல போக நினைக்கிறது கும்மிருட்டுல. ஆனை ரோட்டுல நிக்கிற நேரம் அது. காட்டுப்போத்து மேய்ஞ்சு முடிச்சு உள்ள போற நேரம். ஹெட்லைட்டைப் போட்டு, ஹாரன் அடிச்சு, பாட்டையும் வச்சுட்டு அந்த ரோட்டுல ஏறினா அந்தச் சீவன்கள் எங்க போகும்? பஸ்ஸைப் பாருங்க. அது போணக்காட்டுல ஆளை இறக்கும்போது வெளிச்சம் வந்திருக்கும். பஸ்ல வந்தவன் கல்லு ரோட்டுல நடக்கும்போது பத்தடிக்கு முன்னால கிடக்குற ஆனைப் பிண்டம் பச்சையா காஞ்சதான்னு கண்ணால பாக்கலாம். ஆவி பறந்தா நின்னுக்கணும், கூட்டம் சேந்த பிறகு பேசிக்கிட்டே போகணும். இருட்டுல இதெல்லாம் எங்க பாக்குறது? மலைக்கு விடியல்ல போய்ச் சேரணும்ங்கிறது சரி. விடியுறதுக்கு முன்னே போய்ச் சேரணும்ங்கிறது ஆசை. ரெண்டும் ஒண்ணு இல்ல.

அடுத்து ரோடு. விதுரையில இருந்து மேல போற ரோடு எப்படி இருக்கும்னு போனவனுக்குத் தெரியும். ஒரு பஸ் போனா எதிர்ல வாறவன் ஒதுங்க இடம் தேடணும். வளைவுல ஒரு பக்கம் மண்ணு, ஒரு பக்கம் பள்ளம். தார் பாதி இடத்துல இருக்கு, பாதி இடத்துல ஜல்லியா உதிர்ந்து கிடக்கு. இதுல நூறு பேரை எடுத்துக்கிடுங்க. காருக்கு நாலு பேர்னா இருபத்தஞ்சு வண்டி. அதே நூறு பேர் பஸ்ல வந்தா ரெண்டு பஸ். இருபத்தஞ்சு வண்டியும் ரெண்டு பஸ்ஸும், எது அந்த ரோட்டைத் தின்னும்னு ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை சொல்லும். முதல் நாளு ஏறினவன் வண்டி மேல கிடக்கும், ரெண்டாம் நாள் ஆளு வண்டி வரும், மூணாம் நாள் ஆளுது வரும். முதல் நாள்காரன் மூணாம் நாளுதான் இறங்குவான். ஒரே நேரத்துல அறுபது எழுவது வண்டி அந்தச் சின்ன இடத்துல. எங்க நிறுத்துவான்? ரோட்டு ஓரத்துல. பஸ் திரும்புற இடத்துல. லைன் வீட்டு முத்தத்துல.

லைன் வீடுன்னு சொன்னேன். அதைப் பத்திப் பேசத்தான் இந்தப் பதிவே. போணக்காடு வெறும் மலையேறுற வாசல் இல்ல. அது தேயிலை எஸ்டேட். வெள்ளைக்காரன் காலத்துல தோட்டம் போட்டப்போ நம்ம பக்கத்து தமிழ் ஆளுங்களைத்தான் வேலைக்குக் கொண்டு போனாங்க. அவங்க பேரன் பேத்தியெல்லாம் இன்னும் அந்த லயத்துல இருக்காங்க. எஸ்டேட் நொடிஞ்சு போயி பல வருஷம் ஆச்சு. ஃபேக்டரி துருப்பிடிச்சு நிக்கி. கூலி பாக்கி, பிஎஃப் பாக்கின்னு கேக்காத வருஷம் இல்ல. யூடியூப்ல பேய் பங்களா காட்டுறான்ல, அது அந்த எஸ்டேட் பங்களாதான். பங்களாவுல பேயைத் தேடிப் போறவன் எவனும் பக்கத்து லயத்துல கூரை ஒழுகுற வீட்டுல மனுஷன் இருக்கானான்னு பாக்குறது இல்ல.

அந்த மனுஷங்களுக்கு வெளி உலகம்னா அந்த பஸ்ஸுதான். ஆஸ்பத்திரி, ரேஷன், பேங்க், வேலை தேடிப் போறது எல்லாத்துக்கும் விதுரைக்கு இறங்கணும். காலையில நம்மளை ஏத்திட்டு வாற அதே பஸ் திரும்பி இறங்கும்போது, விதுரைப் பள்ளிக்கூடத்துக்குப் போற பிள்ளைங்களையும் வேலைக்குப் போற ஆளுங்களையும் ஏத்திட்டுப் போகும். இப்ப ரோட்டு ஓரத்துல பத்து கார் நிறுத்தி வச்சா, எதிர்ல ரெண்டு கார் ஏறி வந்தா, அந்த பஸ் வளைவுல நின்னு ரிவர்ஸ் எடுக்கும். அரை மணி நேரம் போகும். நம்ம பக்கத்துக்காரன் நிம்மதியா முதல் குழுவுல மலை ஏறிருவான். அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்துல வெளிய நிக்கும். இது கண்ணுக்குத் தெரியாத கணக்கு.

இன்னொரு கணக்கும் இருக்கு. அரசு பஸ் ஓடுறது கலெக்ஷனைப் பாத்துத்தான். நம்ம ஊர்லயும் இதைப் பாத்திருக்கோம். மலையடிவார ஊருக்கு ஓடின டிரிப்பை, ஆள் ஏறலன்னு சொல்லி முதல்ல ஞாயித்துக்கிழமை நிறுத்துவாங்க, அப்புறம் ராத்திரி டிரிப்பை நிறுத்துவாங்க, கடைசியில ஒரு நாளைக்கு ரெண்டு டிரிப்போட நிக்கும். லயத்துல இருக்குற கொஞ்சம் குடும்பம் கொடுக்குற டிக்கெட்டுல டீசல் காசு கூட வராது. ஒரு மாசத்துக்கு மேல தினம் நூறு பேர் வாறான். அவன் எல்லாரும் பஸ்ல ஏறினா அந்த டிரிப்புக்கு ஒரு பதில் இருக்கும். "ஆள் இல்ல"ன்னு யாரும் சொல்ல முடியாது. எல்லாரும் கார்ல போனா, "சீசன்லயே ஆள் இல்ல, எதுக்கு வண்டி"ன்னு கேப்பான். அப்ப மலையும் கார்க்காரனுக்கு, ரோடும் கார்க்காரனுக்கு, லயத்துக்காரனுக்கு நடை.

இதுக்கு ஒருத்தர் எங்கிட்ட நல்ல கேள்வி ஒண்ணு கேட்டாரு. "வோய், நீங்க நூறு பேரும் மூட்டையோட அந்த ஒரு பஸ்ல ஏறினா, லைன்காரன் எங்க ஏறுவான்? நீங்கதானே அவனை நிக்க வைக்கிறீங்க?" நியாயமான கேள்வி. இப்பவே சனிக்கிழமை அந்த பஸ்ல கால் வைக்க இடம் இல்லைங்கிறது உண்மை. மலையேறுறவன் மூட்டை ஒரு ஆள் இடத்தைப் பிடிக்கும். மூட்டையை மடியில வச்சுக்கோ, சீட்டை வயசானவங்களுக்குக் கொடுன்னு சொல்லலாம், சொல்லவும் செய்றேன். ஆனா அது போதாது. அதுக்கு வழி கார் இல்ல, ரெண்டாவது பஸ்ஸு. நாளைக்கு யார் யார் வரப் போறான்னு வனத்துறைக்குப் பேரோட தெரியும், பல நாளைக்கு முன்னேயே பணமும் கட்டியாச்சு. உலகத்துல எந்த பஸ் ரூட்டுக்கும் இவ்வளவு துல்லியமா ஆள் கணக்கு கிடைக்காது. சீட்டு எடுக்கும்போதே "பஸ்ல வாறீங்களா"ன்னு ஒரு கேள்வி வச்சு, அதுக்கு டிக்கெட் பணமும் சேத்து வாங்கி, சீசன் முடியுற வரைக்கும் நெடுமங்காட்டுல இருந்து ஒரு தனி வண்டி விட என்ன கஷ்டம்? அந்த வண்டி அஞ்சு மணிக்கு நெடுமங்காட்டுல கிளம்பினா ஆறரைக்கு போணக்காடு. வெளிச்சம் வாறதுக்கும் ஆளு இறங்குறதுக்கும் சரியா இருக்கும். வழக்கமான பஸ்ஸை ஊர்க்காரனுக்கு விட்டுரலாம். சபரிமலை சீசனுக்கு நிலக்கல்ல காரை நிறுத்திட்டு பம்பைக்கு அரசு பஸ்ல போகணும்னு வச்சாங்களே, லட்சக்கணக்கான ஆளுங்களுக்கு முடிஞ்சது நூறு பேருக்கு முடியாதா?

அது வாற வரைக்கும் இன்னொண்ணு செய்யலாம், ஒரு பைசா செலவு இல்ல. அனுமதிச் சீட்டுல ஏழு மணின்னு அச்சடிக்கிற இடத்துக்குப் பக்கத்துல, காலை பஸ் எத்தனை மணிக்கு எங்க கிளம்பும், அதுல வாறவங்களைச் சேத்துக்கிட்டுத்தான் கடைசிக் குழு கிளம்பும்னு ரெண்டு வரி போட்டா போதும். அந்த ரெண்டு வரியைப் பாத்தா பாதிப் பேருக்குப் பயம் போயிரும். பேக்கேஜ்காரன் பொழப்புல மண்ணு விழும், விழட்டும்.

சரி, பஸ்ஸை விட்டு இறங்கின பிறகு உள்ள கல்லு ரோட்டைப் பத்தியும் ஒரு பயம் இருக்கு. "மூட்டையோட மூணு கிலோமீட்டரா, ஜீப்பு கிடைக்காதா"ன்னு கேக்குறான். மக்கா, நீ அன்னைக்குப் பதினஞ்சு நடக்கப் போறவன். அந்த மூணுல அழுதா பதினஞ்சுல என்ன பண்ணுவ? அந்த ரோடு உன் உடம்புக்குப் பரீட்சை மாதிரி. ஜல்லி பேந்து கிடக்கும், மழைத்தண்ணி அறுத்த சால் நடுவுல ஓடும், பனியில கல்லு வழுக்கும். வண்டித்தடத்துல நடக்காம, நடுவுல புல்லு முளைச்ச மேட்டுல நட, கால் பிடிக்கும். புது ஷூ போட்டுட்டு வந்தவனுக்கு இந்த மூணு கிலோமீட்டர்லயே குதிகால் எரியும். எரிஞ்சா அங்கயே நின்னு, கொப்புளம் வாறதுக்கு முன்னே பிளாஸ்திரி ஒட்டிக்கிடலாம். ஜீப்ல வந்து இறங்கினவனுக்கு அது கரமனையாத்துலதான் தெரியும், அங்க இருந்து திரும்பவும் முடியாது, போகவும் முடியாது. பை தோளை அறுத்தா இங்கயே நிறுத்தி, கனமானதை முதுகோட ஒட்டி வச்சுத் திரும்பக் கட்டலாம். ராத்திரி முழுக்க வண்டியில மடக்கி வச்ச முட்டி இந்த நடையிலதான் இளகும். வாசல்ல போய் நிக்கும்போது மேல் வேர்த்து, மூச்சு சீராகி இருக்கும்.

திரும்பி வாறதைப் பத்தியும் சொல்லிடுறேன், இதுலதான் நிறைய பேர் மாட்டுறான். மூணாம் நாள் முகாம்ல இருந்து காலையில இறங்கினா மத்தியானம் ஒண்ணு ரெண்டுக்குள்ள பிக்கெட் ஸ்டேஷன் வந்திரலாம். மத்தியான பஸ் எப்பன்னு முதல் நாள் இறங்கும்போதே கண்டக்டர்கிட்ட கேட்டு ஒரு துண்டுச் சீட்டுல எழுதி வச்சுக்கிடணும். மேல போன்ல டவர் கிடைக்காது. அந்த நேரத்துல இருந்து ஒரு மணி நேரத்தைக் கழிச்சா, அதுதான் நீங்க பிக்கெட்டைத் தாண்ட வேண்டிய நேரம். கடைசி பஸ்ஸை விட்டுட்டா சாயங்காலத்துக்கு மேல அந்த ரோட்டுல நடக்க நினைக்கக் கூடாது. லயத்துல கேட்டா ஒரு வழி சொல்லுவாங்க. நம்ம பாஷைதான், நம்ம பேச்சைக் கேட்டா அவங்களுக்கும் ஒரு சந்தோஷம். அங்க ஒரு சாயாவுக்கும் பழத்துக்கும் காசு கொடுங்க. பேக்கேஜ்காரன் கொடுத்த பொட்டலத்தை வண்டிக்குள்ள தின்னுட்டு, கவரை அவங்க முத்தத்துல போட்டுட்டு வாறதை விட அது மேல்.

பஸ்ல போக முடியாதவங்களும் இருக்காங்க, அதையும் ஒத்துக்கிடுறேன். முந்தின நாள் லீவு கிடைக்காதவன், கால் சரியில்லாதவன், தனியா ராத்திரி பஸ் மாற யோசிக்கிற பெண் பிள்ளை. அவங்க ஜீப்பு பிடிச்சா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நாலு ஆம்பளப் பயலுவ, கல்லு மாதிரி உடம்பு, ஒரு கார்ல சாஞ்சு தூங்கிட்டு வந்து இறங்கி, "செம அட்வென்ச்சர்"னு போட்டோ போடுறானே, அவனைத்தான் சொல்லுறேன். உன் அட்வென்ச்சர் வடசேரி பஸ் ஸ்டாண்டுல இருந்து ஆரம்பிக்கட்டும்.

அடுத்த சீசனுக்குச் சீட்டு எடுக்குறவங்க, சீட்டு கையில வந்த அன்னைக்கே நெடுமங்காடு, விதுரை டிப்போவுக்குப் போன் போட்டு போணக்காடு பஸ் நேரத்தைக் கேளுங்க. நாலு பேர் கேட்டா கண்டுக்க மாட்டாங்க. நூறு பேர் கேட்டா, இந்த ரூட்டுக்கு ஆள் இருக்குன்னு அங்க உக்காந்திருக்கிறவருக்குத் தெரியும்.